மூலைக்கேற்ற வெட்டு
(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், கணிதம்)

மோகனூரில் காவிரிக்கரையை ஒட்டிய தெருக்கள் பல வளைந்து செல்பவை. அத்தகைய தெருவொன்றில் ஒரு வீட்டின் முற்றத்திற்குக் கம்பிச் சட்டம் செய்யும் வேலை என் தந்தையாருக்குக் கிடைத்தது. அவர் வெல்டிங் தொழிலாளி. விடுமுறையில் நான் கூட இருப்பதுண்டு. 40 மி.மீ. அகலமும் 5 மி.மீ. கனமும் உள்ள ஆங்கிளை வாங்கி, வழக்கம்போல் நான்கு மூலைகளுக்கும் 45 பாகையில் வெட்டினோம். முற்றத்தில் வைத்துப் பார்த்தபோது எதிரெதிரான இரு மூலைகளில் இரும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறியது; மற்ற இரண்டில் உட்புறம் ஏறத்தாழ 15 மி.மீ. வாய் பிளந்து நின்றது. ஆங்கிள் வீண், அன்றைய கூலி அதற்கே சரியாகிவிட்டது.

“மூலை மட்டம் பொய் சொல்லாது கண்ணு, சுவருதான் கோணல்” என்றார் தந்தை. உண்மைதான். இரு துண்டுகளையும் 45 பாகையில் வெட்டினால் அவை சேர்ந்து 90 பாகைதான் ஆகும். அந்த முற்றமோ 75, 105, 75, 105 பாகை கொண்ட இணைகரம். அப்படியானால் அங்கே எப்படி வெட்டுவது? வகுப்பில் படித்த முக்கோணவியலே விடை தந்தது.

ஆங்கிளின் ஒரு தகடு தரைமட்டமாகப் படுத்திருக்க, மற்றொன்று வெளி விளிம்பில் நிற்கிறது எனக் கொள்வோம். படுத்த தகட்டின் அகலம் w. இரு துண்டுகளும் ஒரே அகலமாதலால், உள்மூலை இரண்டு வெளி விளிம்புகளிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும். ஆகவே வெட்டுக்கோடு மூலைக்கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும். உள்மூலையிலிருந்து வெளி விளிம்புக்கு ஒரு செங்குத்துக்கோடு இறக்கினால் செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. அதில் w எதிர்ப்பக்கம். வெட்டின் நீளம் L கர்ணம். எனவே,

L = w ÷ sin(θ/2)

பட்டறையில் சைன் அட்டவணை ஏது? அதற்கும் ஒரு வழி உண்டு. சுவர் மூலையிலிருந்து இரு பக்கமும் 600 மி.மீ. அளந்து புள்ளி வையுங்கள். அப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் d எனில், இருசமபக்க முக்கோணத்தைப் பாதியாக்கிப் பார்க்க, sin(θ/2) = d ÷ 1200. இதை முன்னதில் இட்டால்,

L = 1200 × w ÷ d

கோணத்தை அளக்கவே வேண்டியதில்லை. டேப் ஒன்றே போதும்.

எங்கள் முற்றத்தில் குறுகிய மூலையில் d = 730 மி.மீ. எனவே L = 48000 ÷ 730, அதாவது 65.8 மி.மீ. விரிந்த மூலையில் d = 952; L = 50.4 மி.மீ. செங்கோண மூலையாயின் இது 56.6 ஆகியிருக்கும்.

இனிக் குறிப்பது எளிது. துண்டின் வெளி விளிம்பில், மூலை வரவேண்டிய இடத்தில், அளவுகோலின் சுழியை வையுங்கள். 65.8 என்ற அளவு உள் விளிம்பைத் தொடும்வரை கோலைத் திருப்புங்கள். அங்கே கிழிக்கும் கோடே வெட்டுக்கோடு. பிதாகரஸ் தேற்றப்படி, உள் விளிம்பு அவ்விடத்தில் வெளி விளிம்பைவிட ஏறத்தாழ 52 மி.மீ. குறைந்திருக்கும், விரிந்த மூலையில் 31 மி.மீ. இது சரிபார்க்க உதவும்.

இங்கே மூன்று தவறுகள் நேரலாம். முதலாவது, w என்பதை நிற்கும் தகட்டின் உட்புறத்திலிருந்து அளந்தால் 35 தான் வரும். கனத்தையும் சேர்த்து வெளிப்புறத்திலிருந்து அளப்பதே முறை. இரண்டாவது, ரம்பம் படுத்த தகட்டுக்குச் செங்குத்தாக இறங்கவேண்டும். சாய்ந்தால் நிற்கும் தகடுகள் மேலே சேர்ந்து கீழே பிரியும். மூன்றாவது, ரம்பமே சிறிது இரும்பைத் தின்னும். ஆகவே கோட்டின்மேல் அறுக்காமல் கழிவுப் பக்கத்தில் அறுக்கவேண்டும்.

துண்டுகளின் நீளத்தை எப்போதும் வெளி விளிம்பில் அளக்கவேண்டும். எங்கள் சட்டத்தின் வெளிப்பக்கங்கள் 2400, 1800 மி.மீ. அவற்றிற்கு மூலைவிட்டங்கள் 2601, 3352 வரவேண்டும். நான்கு மூலைகளையும் புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து இவ்விரண்டையும் அளந்து பார்த்தோம். ஒன்றில் 4 மி.மீ. மிகுந்திருந்தது. தட்டிச் சரிசெய்த பின்னரே முழு வெல்டிங் வைத்தோம்.

இச்சூத்திரத்திற்கு எல்லையும் உண்டு. இரு ஆங்கிள்களும் வேறுவேறு அகலமாயின் வெட்டு கோணத்தைப் பாதியாக்காது; இது அங்கே பொருந்தாது. மேலும், மூலை மிகக் கூர்மையானால் வெட்டு நீண்டுவிடும். 30 பாகைக்கு L 154 மி.மீ.யைத் தாண்டும், அந்த மெல்லிய நுனி வெல்டிங் சூட்டில் உருகிவிடும்.

இரண்டாம் முறை செய்த சட்டம் முற்றத்தில் சரியாக உட்கார்ந்தது. “1200, பெருக்கல் அகலம், வகுத்தல் இடைத்தூரம்” என்று தந்தை பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். அதன் கீழே எதற்கு 1200 என்று என்னைக் கேட்டு அறிந்து, 600ஐ இருமுறை எழுதிக் கூட்டியும் காட்டியிருக்கிறார்.