ஒரே ஊர், இரண்டு அளவுகோல்

கேள்வி: சர்வதேச நீதிமன்றங்கள் பெருகிவிட்டனவே, தீர்ப்புகள் ஒன்றோடொன்று மோதாதா?

பதில்: மோதியிருக்கின்றன. அயல்நாட்டு ஆயுதக் குழுவின் குற்றத்துக்கு, அதை வளர்த்துவிட்ட நாடு எப்போது பொறுப்பாகும்? 1986இல் நிகரகுவா வழக்கில் ஹேக் சர்வதேச நீதிமன்றம், குற்றம் நடந்த அந்த நடவடிக்கையையே அந்நாடு கட்டுப்படுத்தியிருக்க வேண்டும் என்றது. அதனால், நிகரகுவாவின் கிளர்ச்சிக் குழுவான கான்ட்ராக்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்த அமெரிக்காவின் கணக்கில் அவர்களின் அத்துமீறல்கள் ஏறவில்லை. 1999இல் அதே ஹேக்கிலிருந்த யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம், தாதிச் வழக்கில், ராணுவ அமைப்புள்ள குழுவானால் ஒட்டுமொத்தக் கட்டுப்பாடே போதும் என்றது.

2007இல் போஸ்னியா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் பழைய அளவுகோலையே கையில் எடுத்தது. போஸ்னிய செர்பியப் படை நடத்திய ஸ்ரெப்ரனிட்சா இனப்படுகொலையைச் செர்பியா செய்ததாகக் கொள்ளவில்லை. தடுக்கவும் தண்டிக்கவும் தவறியது என்றே கண்டது. தாதிச் அளவுகோல், ஒரு போர் சர்வதேசப் போரா என்று பார்க்க வேண்டுமானால் பொருந்தலாம் என்றும் சொல்லிவைத்தது. எனக்கென்னவோ அது சமாளிப்பாகத்தான் படுகிறது. இரண்டுக்கும் மேலே அப்பீல் கேட்க ஒரு நீதிமன்றமும் கிடையாது.