எம்.டி. மேசைக்கு ஒரே ஒரு தாள்

திட்ட அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். மேலதிகாரிகளுக்கு ஒரு பக்க டாஷ்போர்டு தயாரிக்கும் வேலை பெரும்பாலும் அலுவலகத்தில் ஆக இளையவர் தலையில்தான் விழும். எடுத்துக்காட்டுக்கு நான் குடியிருக்கும் மட்டாஞ்சேரியின் படகுத்துறையையே எடுத்துக்கொள்கிறேன். கொச்சி வாட்டர் மெட்ரோவின் முதல் படகுகள் 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கின. மட்டாஞ்சேரி டெர்மினல் திறந்தது 2025 அக்டோபர் 11 அன்று, வெலிங்டன் தீவு டெர்மினலோடு சேர்த்து. அந்தத் திட்டத்தில் நான் வேலை பார்க்கவில்லை, அதன் உள்கணக்குகளும் என்னிடம் இல்லை. இடமும் நீரும் சேறும் உண்மையானவை. கீழே வரும் கணக்கு எண்கள் பயிற்சிக்காக நான் வைத்தவை.

1. எண்ணைத் தேடுவதற்கு முன் முடிவுகளைத் தேடுங்கள். அடுத்த மூன்று மாதத்தில் எம்.டி. கையெழுத்துப் போட்டால் மட்டுமே நகரக்கூடிய காரியங்கள் எவை என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ஒரு படகுத்துறைக்கு அவை ஐந்தாறைத் தாண்டாது. தூர்வாரும் கப்பலை வரவழைப்பதா, திறப்புத் தேதியை வெளியே சொல்வதா, படகு போதாவிட்டால் வேறு தடத்திலிருந்து எடுப்பதா, கூடுதல் செலவுக்கு அனுமதி கேட்பதா. இந்தப் பட்டியலில் ஒன்றையாவது அசைக்கும் எண்தான் தாளில் இடம்பெறலாம். எத்தனை மூட்டை சிமென்ட் வந்தது, எத்தனை கூட்டம் நடந்தது என்பதெல்லாம் தளப் பொறியாளரின் நோட்டில் இருக்கட்டும். ஓர் எண் தேறுமா என்று சந்தேகம் வந்தால், “இது பாதியாகக் குறைந்தால் நாளைக் காலை யாருக்கு போன் செய்வீர்கள்?” என்று அதிகாரியிடமே கேட்டுவிடுங்கள். பதில் வராத எண்ணை எடுத்துவிடலாம்.

2. ‘இத்தனை சதவீதம் முடிந்தது’ என்பதைத் தாளின் தலையில் வைக்காதீர்கள். எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் முடிவெடுக்க அதைப் போலக் குழப்பும் எண் வேறில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டடத்துக்குப் பாதி மதிப்பு, அதாவது 50, முழுதும் முடிந்துவிட்டது. மிதவை மேடைக்கும் இணைப்புப் பாலத்துக்கும் 25, அதுவும் முடிந்தது. தூர்வாருதலுக்கு 15, அதில் ஐந்தில் ஒரு பங்குதான் நடந்திருக்கிறது, ஆகவே 3. படகுக்கு சார்ஜ் ஏற்றும் மின் இணைப்புக்கு 10, அதில் 7. கூட்டினால் 85 சதவீதம். அறையில் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் சேறு நிறைந்த துறைக்கு ஒரு படகுகூட வந்து சேராது. திறப்பைப் பிடித்து நிறுத்தும் வேலைக்கு எடை குறைவாக இருப்பதால் கூட்டுத்தொகை அதை விழுங்கிவிடுகிறது. அந்த இடத்தில் ஒரே வரி எழுதுங்கள்: ‘இன்று திறப்பைத் தடுத்து நிற்பது: தூர்வாருதல்.’

3. தேதியைக் காட்டும்போது அது நகர்ந்த வரலாற்றையும் காட்டுங்கள். இ. ஸ்ரீதரன் கொங்கண் ரயில்பாதையிலும் டெல்லி மெட்ரோவிலும் இன்னும் எத்தனை நாள் என்று இறங்குமுகமாக எண்ணும் கடிகாரங்களை வேலைத்தளங்களில் மாட்டிவைத்தார். வேலை செய்பவர் கண்ணில் எப்போதும் கெடு நிற்க வேண்டும் என்பது அதன் நோக்கம், அதற்கு அது அருமையான கருவி. மேலதிகாரிக்கு இன்னொன்றும் தேவை: அந்தக் கெடுவை இன்னும் நம்பலாமா?

நம் துறையின் ஜனவரி 1 அறிக்கையில் திறப்பு ஜூன் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் அது ஜூலை 10, மார்ச்சில் ஆகஸ்ட் 5, ஏப்ரல் 1 அன்று செப்டம்பர் 1. ஒவ்வொரு மாதமும் ‘சிறு தாமதம்’ என்றுதான் சொல்லப்பட்டது. நான்கு தேதிகளையும் ஒரே வரிசையில் எழுதினால் விஷயம் தெரிந்துவிடும். ஜனவரியில் திறப்புக்கு 165 நாள் இருந்தது, ஏப்ரலில் 153 நாள் இருக்கிறது. 90 நாள் கடந்தும் திறப்பு 12 நாள்தான் நெருங்கியிருக்கிறது. இதைப் பார்த்த எம்.டி. ஓணத்துக்குத் திறப்போம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டார். அட்டவணையை முதலிலிருந்து போடச் சொல்வார். இதற்கு வண்ணப் படம் எதுவும் வேண்டாம், நான்கு தேதிகள் போதும். கடைசித் தேதியை மட்டும் அச்சிட்டு முந்தையவற்றை அழிக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. அதற்கு நீங்கள் உடன்படாதீர்கள்.

4. மஞ்சள், சிவப்பு எப்போது விழ வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டு வையுங்கள். ‘பத்து சதவீதம் குறைந்தால் மஞ்சள்’ என்று மனம்போன போக்கில் வைத்த எல்லை யாரையும் உரிய நேரத்தில் எழுப்பாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொச்சிக் காயலில் சேறு தீராத பிரச்சினை. மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவரும் வண்டல் படியும், துறைமுகமே தன் கால்வாயை ஓயாமல் தூர்வாரிக்கொண்டிருக்கிறது. மட்டாஞ்சேரிப் பழைய படகுத்துறையில் சேறு சேர்ந்து அரசுப் படகுகள் நின்றுபோன காலம் இங்குள்ளவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆகவே ஆழம் என்ற எண் தாளில் இருந்தே ஆக வேண்டும்.

தூர்வாரி முடித்தாகிவிட்டது, செப்டம்பர் 1 திறப்புக்கு மூன்று மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு பத்திரமாக வர 1.80 மீட்டர் ஆழம் வேண்டும். ஜூன் 1 அளவையில் 2.10 மீட்டர். முப்பது சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கிறதே, பச்சை என்று எழுதத் தோன்றும். இப்போது இன்னும் இரண்டு எண்களைச் சேருங்கள். மழைக்காலத்தில் மாதம் 12 சென்டிமீட்டர் படிகிறது. தூர்வாரும் ஆணையில் கையெழுத்தான நாளிலிருந்து கப்பல் வந்து வேலை தொடங்க இரண்டு மாதம் ஆகிறது. அந்த இரண்டு மாதத்தில் 24 சென்டிமீட்டர் போய்விடும். அளவையில் வரக்கூடிய பிழைக்குப் 10 வையுங்கள். 1.80, 0.24, 0.10 மூன்றையும் கூட்டினால் 2.14. அதாவது ஆழம் 2.14க்குக் கீழே போன அன்றே ஆணை போயிருக்க வேண்டும். 2.10 என்பது ஏற்கெனவே தாமதம்.

1.80ஐத் தொட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் என்ன ஆகும்? ஆகஸ்ட் நடுவில் அந்த அளவு வரும், கப்பல் அக்டோபர் நடுவில் வரும். செப்டம்பர் 1 அன்று ஆழம் 1.74 இருக்கும், திறப்பு விழாப் படகு தரைதட்டலாம். ஜூன் 1 அன்றே கையெழுத்தானால் ஆகஸ்ட் 1 அன்று, ஆழம் 1.86 இருக்கும்போதே கப்பல் வந்துவிடும். தேவையான அளவு, கெடும் வேகம், பரிகாரம் வந்துசேர ஆகும் காலம், அளவைப் பிழை. இந்த நான்கும் சேர்ந்துதான் எல்லையைச் சொல்லும். படியும் வேகம் மாறினால் எல்லையும் மாற வேண்டும். கோடைக்கும் மழைக்கும் ஒரே எல்லை வைக்காதீர்கள்.

5. எண் எப்படி அளக்கப்பட்டது என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். கொச்சியில் நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்வரை வித்தியாசம் வரும். ஏற்றத்தின்போது கயிற்றை இறக்கி அளந்தவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் எண் படகுக்கு உதவாது. வற்றத்தின் மிகக் குறைந்த மட்டத்துக்குத் திருத்திய ஆழம்தான் தாளில் வர வேண்டும். அடுத்தது சராசரி. தடத்தில் பன்னிரண்டு இடங்களில் அளந்து சராசரி 2.40 என்று கொடுப்பார்கள். திருப்பத்தில் ஒரே ஒரு இடம் 1.50 இருந்தால் படகு அங்கே நின்றுவிடும். ஆகவே எல்லாவற்றிலும் குறைந்ததைப் போடுங்கள். ‘2.10 மீ., தடத்தின் ஆகக் குறைந்த இடம், வற்றம், ஜூன் 1 அளவை’ என்று சிறிய எழுத்தில் ஒரு வரி போதும். அளந்து ஆறு வாரம் ஆன எண்ணுக்குப் பச்சை கொடுக்காதீர்கள், ‘பழைய அளவை’ என்று எழுதுங்கள். சம்பளமோ பில் தொகையோ ஓர் எண்ணோடு கட்டப்பட்டிருந்தால், அதை அளப்பவர் வேறு ஆளாக இருக்கட்டும்.

6. படகுகளின் கணக்கை எண்ணிக்கையாக மட்டும் கொடுக்காமல் அட்டவணையோடு சேர்த்துக் கொடுங்கள். போய்வர, சார்ஜ் ஏற்ற என ஒரு சுற்றுக்கு 60 நிமிடம், 20 நிமிடத்துக்கு ஒரு படகு என்றால் ஓட மூன்று வேண்டும், பழுதுக்கு ஒன்று, ஆக நான்கு. கொச்சி ஷிப்யார்டிலிருந்து வர வேண்டியவற்றில் அந்தத் தேதிக்குள் இரண்டுதான் கையில் இருக்கும் என்றால், ‘50 சதவீதம்’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘இரண்டையும் ஓட்டினால் 30 நிமிடத்துக்கு ஒன்று, மாற்றுப் படகு கிடையாது’ என்று எழுதினால், அப்படித் திறப்பதா காத்திருப்பதா என்று அவர் முடிவு செய்வார்.

7. தாளின் கீழ்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை ‘இன்று கேட்பது’ என்று ஒதுக்குங்கள். மற்ற பகுதியெல்லாம் இதற்கான ஆதாரம்தான். ஒவ்வொரு வரியிலும் என்ன முடிவு, யார் எடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன என்பது இருக்க வேண்டும். ‘தூர்வாரும் ஆணை. எம்.டி. ஜூன் 5. தவறும் ஒவ்வொரு வாரமும் கப்பல் ஒரு வாரம் தள்ளும்.’ முந்தைய கூட்டத்தில் கேட்டுக் கிடைக்காத முடிவு இருந்தால் எத்தனை நாளாகக் காத்திருக்கிறது என்பதையும் போடுங்கள். மேலதிகாரியின் தாமதத்தை அவர் தாளிலேயே எழுதுவது உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். எழுதுங்கள். நான் பார்த்த நல்ல அதிகாரிகள் அந்த வரியைத்தான் முதலில் படித்தார்கள்.

8. அலங்காரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏ4 தாளைக் குறுக்குவாட்டில் வையுங்கள், ஐந்து எண்களுக்கு மேல் வேண்டாம், வட்டப்படமும் வேகமானி முள்ளும் வேண்டாம். வண்ணத்தின் பக்கத்தில் ‘நலம்’, ‘கவனம்’, ‘இன்றே முடிவு’ என்று வார்த்தையிலும் எழுதுங்கள். ஜெராக்ஸ் எடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்தான். இரண்டையும் பிரித்தறிய முடியாத கண்களும் உண்டு.

9. தாளுக்குப் பின்னால் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் எந்த எண்ணைப் பார்த்து எந்த முடிவு எடுக்கப்பட்டது என்று குறியுங்கள். மூன்று கூட்டமாக யாரையும் அசைக்காத எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். ஆனால் ஆழம்போல எல்லையைத் தொடும்வரை அமைதியாக இருந்து திடீரென்று திட்டத்தையே நிறுத்தக்கூடிய எண்ணுக்கு இந்த விதி பொருந்தாது. அதைக் கழிக்காமல் ‘ஆழம் 2.60, எல்லை 2.14’ என்று ஒரே வரியாகச் சுருக்கி வையுங்கள். புதிதாக ஓர் எண்ணைச் சேர்க்கச் சொல்லி யாராவது வந்தால், அவர் கையாலேயே அதன் எல்லையையும் அதைத் தாண்டினால் எடுக்க வேண்டிய முடிவையும் எழுதி வாங்கிக்கொண்டு சேருங்கள்.