59 அலகின் இரண்டு விலைகள்

2024 ஒக்டோபர் மாதத்து மின்பட்டியல் வந்த அன்று, உம்மா அதையும் அதற்கு முந்திய மாதத்துப் பட்டியலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். முந்திய மாதம் நாங்கள் எரித்தது 62 அலகு. கட்டணம் 712 ரூபாய். இந்த மாதம் எரித்தது 59 அலகு. கட்டணம் 1288 ரூபாய்.

“கொறச்சி எரிச்சதுக்குக் கூடக் காசா மகள்? மீட்டர் பழுதா, இல்லாட்டி பில் பிழையா?” என்று கேட்டார். உம்மா வீட்டிலிருந்து தையல் வேலை செய்பவர். 576 ரூபாய் வித்தியாசம் என்பது அவருக்கு ஒரு சட்டை தைத்த கூலி. தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் விரிதாள் படித்தவள் என்ற காரணத்தால், பதில் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது.

எங்கள் வீடு நாலந்தாவில், கெடிகேக்குத் திரும்பும் சந்தியிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. போவத்தென்ன நீர்மின் நிலையம் எங்களுக்கு அதிக தூரமில்லை. ஆனால் அணைக்கட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கென்று தனிக் கட்டணம் ஏதும் கிடையாது. நாடு முழுவதும் வீடுகளுக்கு ஒரே கட்டண அட்டவணைதான். 2024 ஜூலை 16ஆம் திகதி முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணை இப்படி இருந்தது.

மாதத்துக்கு 60 அலகு வரை பாவிக்கும் வீட்டுக்கு முதல் 30 அலகும் ஒவ்வொன்றும் 6 ரூபாய், அடுத்த 30 அலகும் ஒவ்வொன்றும் 9 ரூபாய். இதோடு நிலையான கட்டணமும் சேரும்: 30 அலகுக்குள் நின்றால் 100 ரூபாய், அதைத் தாண்டினால் 250 ரூபாய். 60ஐத் தாண்டிய வீட்டுக்கு இந்த அட்டவணையே பொருந்தாது. அங்கே முதல் அலகிலிருந்தே கணக்கு மாறிவிடும். முதல் 60 அலகும் 15 ரூபாய்ப்படி, 61 முதல் 90 வரை 18 ரூபாய், 91 முதல் 120 வரை 30 ரூபாய், 121 முதல் 180 வரை 42 ரூபாய், அதற்கு மேல் 65 ரூபாய். நிலையான கட்டணம் முறையே 400, 1000, 1500, 2000 ரூபாய்.

ஆகவே 60 என்பது ஒரு படி அல்ல, ஒரு மதில். ஏனைய எல்லைகளைத் தாண்டும்போது தாண்டிய அலகுகளுக்கு மட்டும் விலை கூடும், நிலையான கட்டணமும் உயரும். 60ஐத் தாண்டும்போதோ ஏற்கெனவே எரித்த 60 அலகுகளின் விலையும் மாறிவிடும். 60 அலகுக்கு 700 ரூபாய், 61 அலகுக்கு 1318 ரூபாய்.

இதைத் தெரிந்துகொண்டுதான் நான் முதல் அட்டவணையைச் செய்தேன். 60க்குள் இருந்தால் மலிவான கணக்கு, மீறினால் மற்றக் கணக்கு என்று ஒரு IF சூத்திரம். விடையைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. 62 அலகுக்கு என் அட்டவணை 1336 காட்டியது, பட்டியலில் 712. 59 அலகுக்கு என் அட்டவணை 691 காட்டியது, பட்டியலில் 1288. இரண்டுமே நேர்மாறு. ஒரு மாதம் மட்டும் பிழைத்திருந்தால் பட்டியலைச் சந்தேகித்திருப்பேன். இரண்டும் ஒரே விதத்தில் தலைகீழாக நின்றதால் பிழை என் பக்கம்தான் என்று விளங்கியது.

பட்டியலை மறுபடி பார்த்தபோது, நான் ஒரு பொருட்டாக எடுக்காத ஒன்று கண்ணில் பட்டது: வாசிப்பு எடுத்த திகதிகள். மீட்டர் பார்ப்பவர் ஓகஸ்ட் 2ஆம் திகதி வந்திருக்கிறார், பிறகு செப்டெம்பர் 3, பிறகு ஒக்டோபர் 2. முதல் இடைவெளி 32 நாள், அடுத்தது 29 நாள். அட்டவணையில் “மாதம்” என்று சொல்லப்படுவது 30 நாள். நாட்கள் கூடினாலோ குறைந்தாலோ எல்லைகளும் அதே விகிதத்தில் நீளும், சுருங்கும். 32 நாளுக்கு மதில் 64 அலகில் நிற்கும். 29 நாளுக்கு 58 அலகில் நிற்கும். எங்கள் 62 மதிலுக்கு உள்ளே, 59 மதிலுக்கு வெளியே.

30, 60, 90, 120, 180 ஆகிய எண்களை 30ஆல் வகுத்தால் 1, 2, 3, 4, 6 என்று வரும். அதாவது உண்மையான எல்லைகள் “நாளுக்கு ஓரலகு, நாளுக்கு இரண்டலகு” என்பவைதான். இது விளங்கிய பிறகு சூத்திரம் எழுதுவது இலகுவாகிவிட்டது. 30ஐயும் 60ஐயும் எங்கும் எழுதத் தேவையில்லை, நாட்களின் எண்ணிக்கையே எல்லையைத் தரும்.

புதிய விரிதாளில் A நிரலில் வாசிப்புத் திகதி, B நிரலில் மீட்டர் வாசிப்பு. இரண்டாம் நிரையில் ஓகஸ்ட் வாசிப்பான 4218, மூன்றாம் நிரையில் 4280, நான்காம் நிரையில் 4339. C நாட்கள், D அலகுகள். இரண்டும் வெறும் கழித்தல்தான். கட்டண வீதங்களை மேலிருந்து கீழாக 6, 9, 15, 18, 30, 42, 65 என்று K2 முதல் K8 வரை எழுதினேன். அவற்றுக்கு நேரே L நிரலில் நிலையான கட்டணங்கள்: 100, 250, பிறகு L4 வெறுமை, பிறகு 400, 1000, 1500, 2000. மூன்றாம் நிரையின் C, D, E கலங்கள் இவை:

```
C3: =A3-A2
D3: =B3-B2
E3: =MIN(D3,C3)*$K$2+MAX(D3-C3,0)*$K$3
```

E3 மலிவான கணக்கு. `MIN(D3,C3)` என்பது எரித்த அலகு, நாட்கள் ஆகிய இரண்டில் சிறியதை எடுக்கும். 62 அலகு, 32 நாள் என்றால் 32 அலகு முதற்படிக்குப் போகும். மிச்சம் 30 அலகை `MAX(D3-C3,0)` இரண்டாம் படிக்குத் தரும். எரித்தது நாட்களைவிடக் குறைவானால் கழித்தலில் மறைப் பெறுமானம் வரும். அதைப் பூச்சியமாக்கவே அந்த MAX. மதிலுக்கு வெளியே உள்ள கணக்கும் இதே உத்திதான், படிகள் மட்டும் கூட:

```
F3: =MIN(D3,2*C3)*$K$4
 +MAX(MIN(D3,3*C3)-2*C3,0)*$K$5
 +MAX(MIN(D3,4*C3)-3*C3,0)*$K$6
 +MAX(MIN(D3,6*C3)-4*C3,0)*$K$7
 +MAX(D3-6*C3,0)*$K$8
```

நடுவிலுள்ள ஒரு படியை வாய்விட்டு வாசித்தால் விளங்கும்: “எரித்ததையும் இந்தப் படியின் மேலெல்லையையும் பார்த்துச் சிறியதை எடு, கீழெல்லையைக் கழி, மறையானால் பூச்சியம்.” G3 நிலையான கட்டணத்தைத் தேடி எடுக்கிறது. H3 எந்தக் கணக்கு பொருந்தும் என்று தீர்மானித்துக் கூட்டுகிறது:

```
G3: =IF(D3<=C3,$L$2,IF(D3<=2*C3,$L$3,
 IF(D3<=3*C3,$L$5,IF(D3<=4*C3,$L$6,
 IF(D3<=6*C3,$L$7,$L$8)))))
H3: =IF(D3<=2*C3,E3,F3)+G3
```

C3 முதல் H3 வரை தெரிவு செய்து ஒரு நிரை கீழே இழுத்தேன். ஆனால் C3இல் 30 என்றும் C4இல் -28 என்றும் வந்தன. நாட்கள் மறையாக முடியாதே! காரணம் திகதி. எங்கள் கணினி அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் வாசிக்கிறது. நான் `02/08/2024` என்று எழுதியதை அது பெப்ரவரி 8 என்றும், `03/09/2024` என்பதை மார்ச் 9 என்றும் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டுக்கும் இடையே சரியாக 30 நாள். பார்த்தால் நம்பத்தக்க எண், ஆனால் முழுப் பிழை. மூன்றாவது திகதி மட்டும் இல்லாதிருந்தால் அதை நம்பிவிட்டிருப்பேன். திகதிகளை `2024-08-02` என்ற வடிவில் எழுதியதும் 32, 29 என்று வந்தன. இன்னொன்று: C நிரலில் எண்ணுக்குப் பதிலாக 1900ஆம் ஆண்டுத் திகதி ஏதும் தெரிந்தால் பதற வேண்டாம். கலத்தின் வடிவம் திகதியாக இருக்கிறது. எண்ணாக மாற்றினால் போதும்.

டொலர் குறிகளை விட்டுவிடும் பிழை இதைவிட மோசமானது. `$K$2` என்பதை `K2` என்று எழுதினால், அடுத்த நிரைக்கு இழுக்கும்போது அது K3 ஆகிவிடும், 6 ரூபாய் இருந்த இடத்தில் 9 ரூபாய் வந்து உட்காரும். பிழைச் செய்தி எதுவும் வராது. இதைப் பிடிக்க ஒரே வழி, 30 நாள் கொடுத்து எல்லைகளின் இரு பக்கமும் சோதிப்பதுதான். 30 அலகுக்கு 280, 31க்கு 439, 60க்கு 700, 61க்கு 1318, 90க்கு 1840, 91க்கு 2470 வர வேண்டும். சோதனைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வேறு வேறு நிரைகளில் செய்யுங்கள்; ஒரே நிரையில் செய்தால் டொலர் பிழை வெளிப்படாது.

எல்லாம் சரியானதும் H3இல் 712, H4இல் 1288. பட்டியலின் அடியில் சேரும் வரியை நீக்கிப் பார்த்தால் சதம்கூடப் பிசகவில்லை. பிறகு ஆசையில் H4இன் கணக்கில் ஓர் அலகைக் குறைத்துப் பார்த்தேன். 29 நாளில் 58 அலகு என்றால் 685 ரூபாய். அப்படியானால் அந்த 59ஆவது அலகின் விலை 603 ரூபாய். ஆயிரம் வாற்று அயனை ஒரு மணித்தியாலம் போட்டால் ஓரலகு. உம்மாவிடம் சொன்னபோது அவர் அயனைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

இந்த அட்டவணைக்கு ஓர் எல்லை உண்டு. 2025 ஜனவரியில் கட்டணம் குறைந்தது, ஜூனில் மறுபடி கூடியது. K, L நிரல்களில் புதிய எண்களை எழுதினால் பழைய மாதங்களின் கணக்கும் சேர்ந்து மாறிவிடும். ஆகவே கட்டணம் மாறும்போது தாளைப் பிரதி எடுத்து, புதிய தாளில் தொடர்கிறேன். மாதத்தின் நடுவில் கட்டணம் மாறினால், அந்த மாதத்துக்கு மட்டும் இது சரியான விடை தராது.

அந்த ஒக்டோபரிலேயே ஐந்தாம் நிரையைப் பட்டியல் வருமுன்னர் பாவிக்கத் தொடங்கினோம். A5இல் அன்றைய திகதி, B5இல் உம்மா போய்ப் பார்த்துவந்த மீட்டர் எண். ஒக்டோபர் 22ஆம் திகதி 4382. 20 நாளில் 43 அலகு, மதில் 40இல். “இப்ப மீட்டர் பாக்க வந்தா?” என்று உம்மா கேட்டார். H5இல் 1054 ரூபாய் நின்றது. அடுத்த பத்து நாளும் வாரத்துக்கொரு தடவை எல்லா உடுப்பையும் சேர்த்து அயன் பண்ணினார். மோட்டரை நிரம்பியவுடன் நிறுத்தினார். எங்கள் அறை விளக்கும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

நவம்பர் முதலாம் திகதி மீட்டர் பார்க்க வந்தார்கள். 30 நாள், வாசிப்பு 4398. மறுபடியும் அதே 59 அலகு. கட்டணம் 691 ரூபாய்.