வாய்மொழியா, சமூகக் குழுவா? இலண்டனில் வீட்டுச் சமையல் தொழில்

இலண்டனின் ஹாரோ, ஈஸ்ட்ஹாம் போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டில் சமைத்து விற்க முனைபவர், தொழிலைத் தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாள்களுக்கு முன் உள்ளூராட்சி மன்றத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதன்பின் செய்தியை எந்த வழியில் பரப்புவது என்ற கேள்விக்கு அவரது அடுப்பின் அளவே விடை தருகிறது.

சனிக்கிழமைதோறும் 20 குடும்பங்களுக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும் செய்து கொடுக்கக்கூடிய ஒரு சமையலறையை எடுத்துக்கொள்வோம். ஊர்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், அதாவது 1,024 பேர் வரை இருக்கக்கூடிய பொது உரையாடலில், நிர்வாகியின் இசைவோடு விலைப்பட்டியலை இட்டால், ஒரே மாலையில் 40 குடும்பங்கள் கேட்டுவிடக்கூடும். பாதிப் பேரை மறுக்க வேண்டி வருவதோடு, பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே சில கட்டளைகள் கண்ணில் படாமலும் போகும். இடியப்பம் ஆறிப் போயிருந்தது என்று ஒருவர் அங்கேயே எழுதினால், இன்னும் வாங்கியே பார்க்காதவர்களும் அதைப் படிப்பார்கள்.

வாய்மொழிப் பரிந்துரை மெதுவானது. வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாசலிலோ கோயிலிலோ ஒரு தாய் இன்னொரு தாயிடம் சொல்லும்போது, சொல்பவர் தம் பெயரையே பிணையாக வைப்பதால், அவ்வாறு வரும் குடும்பம் பெரும்பாலும் திரும்பவும் வாங்கும், குறையிருந்தாலும் நேரில் சொல்லும். ஆனால் இவ்வழியில் ஓர் ஆபத்து உண்டு: வாய்வழி செல்லும் செய்தியில் ஒவ்வாமை விவரம் உதிர்ந்துவிடுகிறது. பிரிட்டனில் அறிவிக்கப்பட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் எள்ளும் மீனும் அடங்கும்; சம்பலில் இடும் மாசி மீன்வகையைச் சேர்ந்தது, கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்திலோ கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம். ஆகவே "அதில் ஒன்றும் இல்லை" என்ற நண்பரின் உறுதிமொழியை நம்பவிடாமல், கட்டளையை ஏற்கும் முன்னும் பொதியைக் கையளிக்கும்போதும் சமைப்பவரே இவ்விவரத்தைத் தெரிவிக்க வேண்டும். எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பானது.

இரண்டுக்கும் இடையில் நிற்பது வாட்ஸ்அப்பின் ஒளிபரப்புப் பட்டியல்: ஒரே செய்தியை 256 பேர் வரை தனித்தனியாகப் பெறுவர், பதிலும் தனியாகவே வரும். விற்பவரின் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்தவரை மட்டுமே செய்தி சென்றடையும் என்பதால், முதல் பொதியைக் கொடுக்கும்போதே எண்ணைச் சேமிக்கும்படி கேட்டுக்கொள்வது நல்லது. புதன்கிழமை விலைப்பட்டியலை அனுப்பி, வியாழன் இரவு கட்டளைகளை முடித்துக்கொண்டால், அரிசி மாவும் தேங்காயும் எவ்வளவு வாங்குவது என்பது வெள்ளியன்றே தெரிந்துவிடும்.

20 பொதிகளைத் தாண்டாத சமையலறைக்கு வாய்மொழியும் ஒளிபரப்புப் பட்டியலுமே போதும். சில வாரங்கள் தொடர்ந்து பொதிகள் மிஞ்சினால் மட்டுமே சங்கக் குழுவை நாட வேண்டும்.