"எத்தனை இரவு தங்குறீங்க?" - பதில் வராத கட்டங்களை என்ன செய்வது?

கொடைக்கானலுக்குக் காரில் போனவர்களுக்கு இ-பாஸ் புதிதல்ல. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை வந்தது. எந்த வகை வண்டி, எத்தனை பேர், ஒரே நாளில் திரும்புகிறார்களா அல்லது தங்குகிறார்களா என்ற விவரங்களைத் திரட்டுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. 2025-ல் கோடை சீசனுக்காக ஏப்ரல் 1 முதல் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. மலை எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்குப் பதில் இப்படித் திரட்டும் விவரங்களில் இருந்துதான் வர வேண்டும்.

இதே மாதிரி கணக்கெடுப்பை இப்போது ஊர்க்காரர்களும் கைபேசிப் படிவத்தில் நடத்த முடிகிறது. ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், கல்லூரி மாணவர்கள், பூம்பாறை, மன்னவனூர் பக்கம் கிராம சபைக்கு ஒரு கணக்கோடு போக நினைப்பவர்கள் என்று யார் வேண்டுமானாலும் செய்யலாம். படிவம் போடுவது சுலபம். பதில் வராத கட்டங்கள் வரும்போதுதான் சிக்கல்.

ஓர் உதாரணம் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. மலையேறும் 200 வண்டிகளிடம் எத்தனை இரவு தங்குவீர்கள் என்று கேட்கிறோம். வண்டி எங்கிருந்து வருகிறது என்பதையும் குறித்துக்கொள்கிறோம். திண்டுக்கல், மதுரை, தேனி என்று பக்கத்து மாவட்டங்களில் இருந்து 80; தூரத்தில் இருந்து 120. தூரத்து வண்டிகளில் 110 பேர் பதில் சொல்கிறார்கள், மொத்தம் 220 இரவு. பக்கத்து வண்டிகளில் 40 பேர்தான் பதில் சொல்கிறார்கள், மொத்தம் 20 இரவு. ஆக 50 கட்டங்கள் காலி. அதில் 40 பக்கத்து ஊர்க்காரர்களுடையது. காரணம் கேட்டால், "நாங்க சாயங்காலமே இறங்கிடுவோம், இதை எதுக்கு நிரப்பணும்?" என்பார்கள்.

இப்போது இரவு எண்ணிக்கை உள்ள பத்தியில் `=AVERAGE(C2:C201)` என்று போட்டால் 1.6 வரும். 240 இரவை 150 பதில்களால் வகுத்த விடை அது. AVERAGE காலிக் கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். அதாவது நீங்கள் முடிவெடுக்காமலேயே 50 வண்டிகள் நீக்கப்பட்டுவிட்டன. சிலர் காலியாக இருக்கிறதே என்று எல்லாவற்றிலும் 0 போட்டுவிடுவார்கள். அப்போது விடை 1.2. தூரத்தில் இருந்து வந்து பதில் சொல்லாத 10 பேரையும் தங்காதவர்களாக ஆக்கிவிட்ட கணக்கு இது. ஒரே படிவம், இரண்டு விடை!

நீக்குவது எப்போதுமே தப்பா? இல்லை. காலியான கட்டங்கள் எல்லா வகை வண்டியிலும் பரவலாகச் சிதறியிருந்தால், நீக்கினாலும் சராசரி பெரிதாக நகராது. இங்கே அப்படி இல்லை. குறைவாகத் தங்குபவர்களே அதிகம் விடுபட்டிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய புள்ளியியல் தேவையில்லை. காலிக் கட்டங்கள் யாருடையவை என்று பிரித்துப் பார்த்தால் போதும்: தூரத்து வண்டிகளில் 120-க்கு 10, பக்கத்து வண்டிகளில் 80-க்கு 40. இவ்வளவு வித்தியாசம் தெரிந்தால் நீக்கிவிட்டுப் போகக் கூடாது.

அடுத்த வழி, காலி இடத்தில் பொருத்தமான மதிப்பை இட்டு நிரப்புவது. புள்ளியியலில் இதை இம்ப்யூட்டேஷன் என்பார்கள். மொத்தச் சராசரியான 1.6-ஐயே எல்லாக் கட்டத்திலும் போட்டால் ஒன்றும் மாறாது, விடை திரும்பவும் 1.6 தான். அந்தந்தக் குழுவின் சராசரியைப் போட வேண்டும். தூரத்து வண்டிக்கு 2, பக்கத்து வண்டிக்கு 0.5 (தாளில் `=AVERAGEIF(B2:B201,"அருகு",C2:C201)` என்று எடுக்கலாம்). அப்போது 240-ம் 40-ம் சேர்ந்து 280 இரவு. 200-ஆல் வகுத்தால் 1.4. 4,000 வண்டி ஏறும் ஒரு நாளுக்கு 1.6 என்றால் 6,400 இரவு, 1.4 என்றால் 5,600 இரவு. அந்த 800 இரவுக்கான தண்ணீரும் குப்பையும் இருக்கிறதா இல்லையா என்பது காலிக் கட்டத்தை நாம் எப்படிக் கையாண்டோம் என்பதில் வந்து நிற்கிறது.

இதிலும் ஒரு குறை உண்டு. அரை இரவு யாரும் தங்குவதில்லை. பதில் சொன்ன 40 பக்கத்து வண்டிகளில் 24 பேர் தங்கவில்லை, 12 பேர் ஓர் இரவு, 4 பேர் இரண்டு இரவு என்று வைத்துக்கொள்வோம். காலியான 40-லும் 0.5 போட்டபின் "தங்காமல் திரும்பிய வண்டி எத்தனை?" என்று கேட்டால், அந்த 40-ல் ஒன்றுகூட எண்ணிக்கையில் வராது. அதனால் சராசரிக்குப் பதிலாக, அதே குழுவில் பதில் சொன்ன ஒருவரைக் குலுக்கல் முறையில் எடுத்து அவர் பதிலைப் போடுவார்கள். அப்போது சுமார் 24 பேர் தங்காதவர்களாக வருவார்கள்.

இந்த முறை நாடாளுமன்ற இடத்தையே மாற்றியிருக்கிறது. 2000-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவரம் கிடைக்காத முகவரிகளுக்குப் பக்கத்து வீட்டு விவரத்தை வைத்து நிரப்பினார்கள். நாடு முழுக்கச் சுமார் 12 லட்சம் பேர் இப்படிச் சேர்ந்தார்கள். நார்த் கரோலினாவுக்கு ஓர் இடம் கூடியது, யூட்டாவுக்குக் கிடைக்கவேண்டியது போனது. யூட்டா வழக்குப் போட்டது. 2002-ல் உச்ச நீதிமன்றம் அந்த முறை செல்லும் என்றது. எத்தனை பேர், எந்த முறையில் சேர்க்கப்பட்டார்கள் என்பது தெரிந்திருந்ததால்தான் அதை எதிர்த்து வாதாடவே முடிந்தது.

நம் நாட்டில் தேசியக் குடும்ப நல ஆய்வு அறிக்கையைத் திறந்து பாருங்கள். பின்னிணைப்பில் எந்தக் கேள்விக்கு எவ்வளவு சதவீதம் பதில் விடுபட்டது என்று ஓர் அட்டவணை இருக்கும். நம் சின்னக் கணக்கெடுப்புக்கு அட்டவணை வேண்டாம், ஒரு பத்தி போதும். மேலே உள்ள உதாரணத்துக்கு எழுதினால் இப்படி இருக்கும்:

"200 வாகனங்களில் 50 வாகனங்கள் (25%) தங்கும் இரவுகளைச் சொல்லவில்லை. இதில் 40 பக்கத்து மாவட்ட வாகனங்கள், 10 தொலைவில் இருந்து வந்தவை. காலிக் கட்டங்களில் அந்தந்தக் குழுவின் சராசரியை (0.5, 2) இட்டோம். ஒரே குழுவில் பதில் சொன்னவர்களும் சொல்லாதவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி தங்குவார்கள் என்று எடுத்துக்கொண்டோம். சராசரி 1.4 இரவு. காலிக் கட்டங்களை நீக்கினால் 1.6. பதில் சொல்லாத பக்கத்து மாவட்ட வாகனங்கள் எதுவும் தங்கவில்லை என்று கொண்டால் 1.3."

கடைசி இரண்டு வரிகளைத்தான் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். படிப்பவருக்கு அதிகம் உதவுவது அவைதான். பதில் சொல்லாதவர்கள் பதில் சொன்னவர்களைப் போன்றவர்களா என்பதைப் படிவத்தை வைத்து மட்டும் நிரூபிக்க முடியாது. மாற்றி எடுத்துக்கொண்டால் விடை எவ்வளவு நகரும் என்று காட்டலாம். 1.3-க்கும் 1.6-க்கும் நடுவில் என்று தெரிந்தால், கிராம சபையில் உட்கார்ந்திருப்பவர் அதற்கேற்ப யோசிப்பார்.

சிலர் கேள்வியைக் கட்டாயம் நிரப்ப வேண்டியதாக வைத்தால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தீராது. அடுத்த பக்கம் போவதற்காக ஏதோ ஒன்றை, பெரும்பாலும் 1 என்று, தட்டிவிடுவார்கள். அது காலிக் கட்டத்தைவிட மோசம், கண்ணுக்கே தெரியாது. "இன்றே திரும்புகிறேன்", "இன்னும் முடிவாகவில்லை", "சொல்ல விருப்பமில்லை" என்று மூன்று தேர்வுகளைச் சேர்த்துவிட்டால் காலியாக விழுவது பாதியாவது குறையும் என்பது என் கணிப்பு.

தாளில் வேலை செய்யும்போது, வந்த பதில்கள் உள்ள பத்தியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். நிரப்பிய மதிப்புகளுக்குப் பக்கத்திலேயே தனிப் பத்தி, அதற்கடுத்து "வந்தது / இட்டது" என்று ஒரு குறிப்புப் பத்தி. ஆறு மாதம் கழித்து வேறொருவர் கணக்கைச் சரிபார்க்க வந்தால் இட்ட கட்டங்கள் எவை என்று அந்தக் குறிப்புப் பத்தியும், அவை 50 என்று `=COUNTIF(E2:E201,"இட்டது")`-ம் சொல்லிவிடும்.