பாதி தூரம் பாதி நேரமல்ல

நம்பிக்கை: வெவ்வேறு ஊர்களில் இருக்கும் இரு நண்பர்கள் சந்திக்க, இரண்டுக்கும் சரிபாதித் தொலைவில் உள்ள ஊரே நியாயமானது.

உண்மை: கிலோமீட்டரைச் சமமாகப் பிரித்தால் அலைச்சல் சமமாகிவிடாது. ஒருவர் உதகையிலும் மற்றவர் திருச்சியிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோவை, கரூர் வழியாக இடையிலுள்ள சாலை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அதன் சரிபாதி காங்கயத்தை ஒட்டி வரும். திருச்சிக்காரர் ஒரே பஸ்ஸில் ஏறி, சமவெளிச் சாலையில் சுமார் மூன்றரை மணி நேரத்தில் காங்கயத்தில் இறங்கிவிடலாம். உதகைக்காரருக்கோ மலை இறங்கிக் கோவை வரவே அவ்வளவு நேரம் ஆகும். அங்கே மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில் இறங்கி, டவுன் பஸ்ஸில் நகரைக் கடந்து சிங்காநல்லூர் நிலையம் போய், அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். காங்கயம் சேர்வதற்குள் ஆறு மணி நேரம் ஓடிவிடும். அதே நண்பர்கள் கோவையில் சந்தித்தால், உதகையிலிருந்து மூன்றரை மணி நேரம். திருச்சியிலிருந்து விரைவு ரயிலில் நான்கு மணி நேரத்தை ஒட்டி. தூரக் கணக்கில் திருச்சிக்காரர் இரு மடங்குக்கு மேல் வருகிறார். நேரக் கணக்கில் இருவரும் ஏறக்குறைய சமம்.

நம்பிக்கை: நேரம் நாளுக்கு நாள் மாறும், தூரம் மாறாது. ஆகவே தூரமே நம்பகமான அளவு.

உண்மை: மாறாதது என்பதாலேயே ஓர் அளவு சரியானதாகிவிடாது. நேரம் மாறுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலை ரயில் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது; அதே 46 கிலோமீட்டரை இறங்கச் சுமார் மூன்றரை மணி நேரமே போதும். பஸ்ஸுக்கும் ஏற்றம் இறக்கத்தைவிட மெதுவானதுதான். கோடை சீசனில் குன்னூர்ப் பாதை ஏறவும் கோத்தகிரிப் பாதை இறங்கவும் ஒருவழியாக்கப்படுவதும் உண்டு. எனவே போகும் நேரத்தோடு திரும்பும் நேரத்தையும், காத்திருப்பையும் சேர்த்து, வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை கூட்டிப் பார்க்க வேண்டும். அப்படிக் கூட்டினால் கோவைக் கணக்கில் திருச்சிக்காரருக்குக் கூடுதலாகத் தெரிந்த அரை மணி நேரமும் பெரும்பாலும் கரைந்துவிடும்.

நம்பிக்கை: இருவருக்கும் நேரம் சமமாக இருந்தால் எந்த ஊரும் சரிதான்.

உண்மை: ஆளுக்கு ஏழு மணி நேரம் அலைய வைக்கும் ஊரும் சமமான ஊர்தான், அதனால் யாருக்கும் லாபமில்லை. நான்கைந்து ஊர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் அதிக நேரம் பயணிப்பவரின் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் எங்கே மிகக் குறைவோ, அந்த ஊரைத் தேர்ந்தெடுங்கள். காங்கயத்தில் அது ஆறு, கோவையில் நான்கு. டிக்கெட் செலவு ஒருவருக்குக் கூடுமே என்று கேட்கலாம். பணத்தைப் பிறகு பங்கிட்டுச் சரிசெய்துகொள்ள முடியும், போன நேரத்தை அப்படிப் பங்கிட முடியாது. ஆகவே ஊரை நேரத்தால் முடிவு செய்யுங்கள். செலவைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.