மணிக்கட்டில் தெரியும் 168: நம்பிக்கைகளும் உண்மைகளும்

விடிகாலையில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவர்களைக் கவனித்தால், இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை கையைத் திருப்பி ஸ்மார்ட்வாட்ச்சைப் பார்ப்பது தெரியும். திரையில் மேலே நேரம், நடுவில் ஓடிய தூரம், கீழே சின்ன இதயப் படத்துக்குப் பக்கத்தில் ஓர் எண். அந்த எண் கூடினால் வேகத்தைக் குறைக்கிறார்கள், குறைந்தால் கூட்டுகிறார்கள். சிலர் அதைப் பார்த்துப் பயந்து ஓட்டத்தையே நிறுத்திவிடுகிறார்கள். இவ்வளவையும் தீர்மானிக்கிற எண் எப்படி வருகிறது, எப்போது தவறுகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். விலை குறைந்த வாட்ச்சோ விலை கூடியதோ, தவறு பெரும்பாலும் ஸ்ட்ராப்பில்தான் தொடங்குகிறது.

நம்பிக்கை: ஸ்மார்ட்வாட்ச் இதயத்துடிப்பை நேரடியாக அளக்கிறது.

உண்மை: ஓடும்போது அது இதயத்தை அளப்பதில்லை. தோலுக்கு அடியில் இரத்தம் கூடிக் குறைவதைப் பார்த்து, துடிப்பைக் கணிக்கிறது.

வாட்ச்சைக் கழற்றித் திருப்பினால் அடியில் பச்சை விளக்குகள் மின்னுவதைப் பார்க்கலாம். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒருமுறை துடித்ததும் தோலின் நுண்குழாய்களில் இரத்தம் சற்றுக் கூடுகிறது, திரும்பி வரும் ஒளி குறைகிறது. அடுத்த துடிப்புக்கு முன் இரத்தம் வடியும்போது ஒளி கூடுகிறது. விளக்குகளுக்கு நடுவில் உள்ள சென்சார் இந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்து, நிமிடத்துக்கு எத்தனை என்று கணக்கிடுகிறது.

மருத்துவர் நாடி பார்ப்பது மணிக்கட்டின் உள்பக்கம், கட்டைவிரலுக்குக் கீழே ஓடும் தமனியில். வாட்ச் உட்கார்ந்திருப்பதோ வெளிப்பக்கம். பச்சை ஒளி தோலுக்குள் அதிக ஆழம் போவதில்லை என்பதால், அந்தப் பெரிய தமனியின் வலுவான துடிப்பு அதற்குக் கிடைப்பதில்லை. நுண்குழாய்களில் நடக்கும் மிகச் சிறிய மாற்றத்தைத்தான் அது தேடிப் பிடிக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது அது எளிது. ஓடும்போது கை வீசுகிறது, தசைநார்கள் அசைகின்றன, இரத்தமும் குலுங்குகிறது. கல்யாண வீட்டில் மேளச் சத்தத்துக்கு நடுவே பக்கத்தில் இருப்பவர் மெல்லச் சொல்வதைக் கேட்பது போன்ற வேலை அது. வாட்ச்சுக்குள் இருக்கும் அசைவுமானி, "இந்த அளவு குலுங்கல் கையினால் வந்தது" என்று சொல்ல, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைத் துடிப்பு என்று வாட்ச் எடுத்துக்கொள்கிறது. இந்தக் கழித்தல் சரியாக நடக்க வேண்டுமானால், வாட்ச் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும்.

நம்பிக்கை: எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறோமோ அவ்வளவு துல்லியம்.

உண்மை: தளர்ந்தாலும் கெடும், மிக இறுகினாலும் கெடும்.

நம்மில் பலர் சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிய பழக்கத்தில், சுண்டுவிரல் பக்கம் புடைத்திருக்கும் மணிக்கட்டு எலும்பின் மேலேயே வாட்ச்சைக் கட்டுகிறோம். அங்கே சதை குறைவு, மேடு பள்ளம் அதிகம். கையை மடக்கும்போதெல்லாம் வாட்ச்சின் ஒரு விளிம்பு தூக்கிக்கொள்ளும். அந்த இடைவெளி வழியே வெளிச்சம் உள்ளே போகும், விளக்கின் ஒளி வெளியே கசியும். ஓடும்போது மட்டும் வாட்ச்சை அந்த எலும்பைத் தாண்டி, முழங்கைப் பக்கமாக ஒன்றிரண்டு விரல்கடை மேலே ஏற்ற வேண்டும். அங்கே சதை சமமாக இருப்பதால் வாட்ச்சின் அடிப்பாகம் முழுதும் படியும்.

இறுக்கத்தைச் சோதிக்க ஒரு வழி: வாட்ச்சை விரலால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். தோலையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தால் சரி. தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போனால் தளர்ந்திருக்கிறது, ஒரு துளை இறுக்குங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் பச்சை வெளிச்சம் கசியக் கூடாது. விரல் மரத்துப்போவதும் ஸ்ட்ராப் ஆழமாகப் பதிவதும் மிகை இறுக்கத்தின் அடையாளங்கள். அந்த அழுத்தத்தில் நுண்குழாய்களிலிருந்து இரத்தம் பிழிந்து வெளியேறிவிடும். தேடிய துடிப்பே மங்கிவிடும்.

வீட்டு வாசலில் சரியாக இருந்த பிடி, பத்து நிமிட ஓட்டத்துக்குப் பிறகு அப்படியே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. சிலிக்கோன் ஸ்ட்ராப் வியர்வையில் வழுக்கி, மெல்ல எலும்பை நோக்கி இறங்கிவிடும். முதல் கிலோமீட்டர் முடிந்ததும் ஒருமுறை தொட்டுப் பார்த்து மேலேற்றிக்கொள்வது நல்லது. ஓட்டம் முடிந்ததும் ஒரு துளை தளர்த்திவிட்டால் தோலுக்கும் காற்றுப் படும்.

நம்பிக்கை: திரையில் 168 என்றால் இதயம் 168 தடவை துடிக்கிறது.

உண்மை: அது உங்கள் கால் வைக்கும் அடிகளின் எண்ணிக்கையாகவும் இருக்கலாம்.

ஓடுகிறவர்களில் பலர் நிமிடத்துக்கு 150 முதல் 180 அடி வரை வைக்கிறார்கள். இதைத்தான் கேடன்ஸ் என்கிறோம். கடினமாக ஓடும்போது இதயத்துடிப்பும் இதே எல்லைக்குள்தான் வரும். வாட்ச் தளர்ந்து, துடிப்பு மங்கலாகவும் குலுங்கல் பலமாகவும் கிடைத்தால், சென்சார் குலுங்கலையே துடிப்பு என்று பிடித்துக்கொள்கிறது. ஒருமுறை பிடித்தால் சுலபத்தில் விடாது.

எங்கள் குழுவில் ஓடும் 42 வயதுப் பெண் ஒருவருக்கு இது நடந்தது. கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்ற நிதான வேகம். ஐந்தாவது நிமிடத்திலிருந்து திரையில் 167, 168, 169 என்றே நின்றது. "இதப் பாத்தாலே பயமா இருக்குங்க, டாக்டர்கிட்ட போகணுமா?" என்று ஓடிக்கொண்டே கேட்டார். மூச்சு வாங்காமல் அந்த முழு வாக்கியத்தையும் சொன்னதே முதல் தடயம். ஒருவரின் உச்ச இதயத்துடிப்பைத் தோராயமாகக் கணிக்க, 208-லிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிப்பது ஒரு வழக்கம். அவருக்கு அது ஏறக்குறைய 179. ஆளுக்கு ஆள் பத்து துடிப்புக்கு மேல்கூட மாறக்கூடிய கணக்கு அது. ஆனாலும் 168 என்பது உச்சத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல். அந்த நிலையில் பெரும்பாலோருக்குச் சில சொற்களுக்கு மேல் சேர்ந்தாற்போல் வராது.

"நில்லுங்கக்கா, கழுத்துல கை வைங்க" என்றேன். நின்ற உடனே தாடைக்குக் கீழே விரல் வைத்து 15 விநாடி எண்ணினார்: 34. நான்கால் பெருக்கினால் 136. எண்ணுவதில் ஒன்று பிசகினால் நான்கு கூடிக் குறையும், நின்றதும் துடிப்பு இறங்கவும் தொடங்கும். ஆகவே ஓடும்போது 140-ஐ ஒட்டி இருந்திருக்கும். 168 இல்லை. வாட்ச்சும் அதைக் காட்டிக்கொடுத்தது. நின்ற சில விநாடிகளில் அது 168-லிருந்து 137-க்குக் குதித்தது. உண்மையான இதயத்துடிப்பு அப்படி விழாது, படிப்படியாகத்தான் இறங்கும்.

காரணம் அவர் கையிலேயே இருந்தது. வாட்ச் இருந்த கையில் இரண்டு வளையல்கள். ஒவ்வொரு வீச்சிலும் அவை வாட்ச்சை இடித்து எலும்பின் மேல் தள்ளிக்கொண்டிருந்தன. வளையல்களை அடுத்த கைக்கு மாற்றி, வாட்ச்சை இரண்டு விரல்கடை மேலேற்றி, ஒரு துளை இறுக்கினார். அதே வேகத்தில் ஓடியபோது 138 முதல் 142 வரை காட்டியது. ஓட்டம் முடியும்போது 149-க்கு ஏறியிருந்தது, கேடன்ஸ் மட்டும் 168-லேயே இருந்தது. இந்த ஏற்றம் உண்மையானது. நம் ஊர்ப் புழுக்கத்தில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக இரத்தம் போக வேண்டும். வியர்வையில் நீரும் இழக்கிறோம். வேகம் மாறாவிட்டாலும் இதயம் கூடுதலாக உழைக்கிறது.

ஓடிக்கொண்டே சோதிக்கவும் ஒரு வழி உண்டு. வேகத்தை மாற்றாமல் அரை நிமிடம் குறுகிய அடிகளாக, வேகமாக வையுங்கள். இதய எண்ணும் உடனே அதோடு சேர்ந்து ஏறினால், வாட்ச் காலைத்தான் எண்ணுகிறது. ஆனால் நிதானமாக ஓடும்போது கையால் எண்ணியும் 168 வந்தாலோ, துடிப்பு ஒழுங்கில்லாமல் தட்டினாலோ, அதை வாட்ச்சின் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். அப்போது மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும்.

நம்பிக்கை: கருத்த தோலில் இந்த சென்சார் சரியாக வேலை செய்யாது.

உண்மை: சந்தேகத்துக்குக் காரணம் உண்டு, ஆனால் தோல் நிறத்தைவிட அசைவே பெரிய எதிரி.

தோலில் உள்ள மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பதால் இந்தக் கேள்வி நியாயமானதே. 2020-இல் வெளியான அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வு, பலவகைத் தோல் நிறம் கொண்ட 53 பேரிடம் இதைச் சோதித்தது. தோல் நிறத்தால் இதயத்துடிப்பு அளவீட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஓய்வில் இருப்பதைவிட உடல் இயங்கும்போது பிழை சராசரியாக 30 சதவீதம் கூடியது. எனவே நிறத்தை எண்ணிக் கவலைப்படுவதைவிட ஸ்ட்ராப்பைக் கவனிப்பது பலன் தரும். பச்சை குத்திய இடத்தில் மட்டும் மை ஒளியை மறைக்கலாம். அடுத்த கையில் கட்டிப் பாருங்கள்.

நம்பிக்கை: துல்லியம் வேண்டுமானால் மார்பில் கட்டும் பட்டைதான், வாட்ச் வீண்.

உண்மை: எந்த ஓட்டம் என்பதைப் பொறுத்தது.

மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே உணர்கிறது. ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் கம்பியில்லாத மார்புப் பட்டையைக் கொண்டுவந்ததிலிருந்து ஓட்ட வீரர்கள் அதைத்தான் நம்பி வந்திருக்கிறார்கள். 30 விநாடி விரைந்து ஓடி, 30 விநாடி நடக்கும் பயிற்சிகளில் அதுவே ஏற்றது. வாட்ச் சற்றுப் பின்தங்கித்தான் தொடர்வதால், உச்சத்தைக் காட்டும்போது நீங்கள் நடக்கத் தொடங்கியிருப்பீர்கள். ஆனால் மார்புப் பட்டைக்கும் குறை உண்டு. உணர்முனைகள் காய்ந்திருந்தால் முதல் சில நிமிடங்கள் தாறுமாறாகக் காட்டும். கட்டுமுன் தண்ணீர் தொட்டு நனைக்க வேண்டும். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓடுகிறவருக்கு, சரியாகக் கட்டிய வாட்ச் போதும்.

அப்போதும் எண்ணை மூச்சோடு ஒப்பிட்டுக்கொண்டே ஓடுங்கள். முழு வாக்கியம் பேச முடிகிறதா, எண் மட்டும் உச்சத்தில் நிற்கிறதா? ஸ்ட்ராப்பைச் சரிசெய்து கழுத்தில் எண்ணிப் பாருங்கள். எண் நிதானமாக இருக்க, நெஞ்சு இறுக்குகிறதா, தலை சுற்றுகிறதா? உடனே நின்று மருத்துவ உதவி தேடுங்கள். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் வேலை அந்தப் பச்சை விளக்குக்குக் கொடுக்கப்படவில்லை.